அம்மம்மாவின் கையெழுத்தில் ஓர் எழுத்துரு: இரட்டித்த எழுத்துகளை வேறுவேறாக விழவைத்த வேலை

‘அம்மம்மா’ என்ற சொல்லில் நான்கு மகரம் இருக்கிறது. இரண்டு புள்ளி வைத்தவை, இரண்டு வைக்காதவை. பேனையால் எழுதும்போது இந்த நான்கும் ஒருபோதும் ஒரே மாதிரி அமையாது. ஒன்றின் வயிறு அகலமாக இருக்கும், இன்னொன்று கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், கடைசி மகரம் அவசரத்தில் குறுகியிருக்கும். கையெழுத்து எழுத்துரு என்று கிடைக்கும் பலவற்றில் இதே சொல்லைத் தட்டினால் நான்கும் ஒரே வார்ப்பில் எடுத்ததுபோல் வரிசையாக நிற்கும். பார்த்த கணத்திலேயே கணினி எழுதியது என்று தெரிந்துவிடும்.

தமிழில் இது பெரிய சிக்கல். உப்பு, பருப்பு, தக்காளி, பச்சை, வெட்டி, கத்தரிக்காய் என்று எங்கும் ஒற்றும் அதே எழுத்தின் உயிர்மெய்யும் ஒட்டியொட்டி வருகின்றன. சமையல் குறிப்பில் இரட்டித்த எழுத்து இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் செய்ததும் ஒரு சமையல் புத்தகத்துக்காகத்தான். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அம்மம்மா இப்போது நீளமாக எழுதுவதில்லை, விரல் நோகிறது. ஆனால் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்யலாம். அது அவருடைய எழுத்திலேயே அச்சாகி, வெளிநாட்டில் இருக்கும் மாமிமாரின் குசினிக்கும் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய விருப்பம். எழுத்துரு இப்போது வேலை செய்கிறது. எந்த ஒழுங்கில் செய்தேன், எங்கே தடைப்பட்டது, ஏன் தடைப்பட்டது என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை எழுத்துகளைச் சேர்ப்பது. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதித் தரச் சொன்னேன். வந்தது பள்ளிக்கூடத்துக் கொப்பி எழுத்து. கட்டத்துக்குள் எழுதும்போது எல்லோரும் நிதானமாக, நேராக, அழகாக எழுதிவிடுகிறோம். அம்மம்மாவின் பழைய குறிப்புக் கொப்பியில் இருக்கும் சாய்வும் அவசரமும் அதில் இல்லை. அதனால் கட்டத்தாளை ஒதுக்கிவிட்டு, சொற்பட்டியல் ஒன்று தயாரித்தேன். இரட்டித்த எழுத்துகள் நிறைய வரும் சொற்களாகப் பொறுக்கினேன்: கொத்தமல்லி, புட்டு, இடியப்பம், கருவாட்டுக்குழம்பு, மாசிச்சம்பல், தேங்காய்ப்பூ. அவற்றை அவருக்குப் பழக்கமான கோடில்லாத தாளில், எப்போதும் பிடிக்கும் நீலப் பந்துமுனைப் பேனையால், கொஞ்சம் கொஞ்சமாக எழுதித் தந்தார். சொல்லுக்குள் எழுதிய எழுத்துத்தான் உண்மையான எழுத்து. அதிலிருந்து வெட்டி எடுப்பது கடினம், ஆனால் பலன் இருக்கிறது.

காலி வீதியில் ஒரு கடையில் பக்கத்துக்கு 60 ரூபாய் கொடுத்து 600 டிபிஐயில் ஸ்கான் செய்தேன். 300 போதும் என்றுதான் கடையில் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் போதாது. அவருடைய பேனைக் கோடு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்பு. 300இல் அது 6 புள்ளி, 600இல் 12 புள்ளி. கோட்டின் ஓரத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலி தடம்பிடிக்கும்போது 6 புள்ளிக் கோடு நடுங்கியதுபோல் வரும். 12 புள்ளிக் கோடு வழவழப்பாக வரும், மையில் இயல்பாக இருக்கும் மேடுபள்ளமும் மிஞ்சும். கறுப்புவெள்ளையாக ஸ்கான் செய்யாமல் சாம்பல் நிறத்தில் எடுத்து, எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் வெட்டுநிலையை நானே சரிசெய்தேன்.

தடம்பிடித்ததை எழுத்துரு செய்யும் செயலியான ஃபொன்ட்ஃபோர்ஜுக்குள் கொண்டுவந்தேன். எழுத்துருவின் சதுரம் 1000 அலகு. அம்மம்மாவின் ‘ம’ 5 மில்லிமீட்டர் உயரம். அதை 500 அலகுக்கு வைத்தால் கோட்டின் தடிப்பு 50 அலகு. இந்த விகிதம் அச்சடிக்கும்போது உதவியது, பிறகு சொல்கிறேன்.

எத்தனை வடிவம் தேவை? உயிர் 12, ஆய்தம், 18 மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறாறு, தனியே நிற்கும் கால், கொம்புகள், இணைக்கொம்பு, அப்புறம் இலக்கங்கள், பின்னங்கள், நிறுத்தக் குறிகள், தேவையான கிரந்த எழுத்துகள். எல்லாம் சேர்ந்து 150ஐ ஒட்டி வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வகை வைத்தேன். அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு மூன்றும் தாளிலிருந்து எடுத்த வேறுவேறு மாதிரிகள். ங, ஔ போன்று அரிதாக வருபவற்றுக்கு ஒரே மாதிரியை ஒன்றிரண்டு பாகை சாய்த்து, 10 அலகு மேலோ கீழோ நகர்த்திய பிரதிகள். நகர்த்தும் அளவை 30 அலகுக்கு ஏற்றிப் பார்த்தேன். வரி முழுக்க நடுக்கம் பிடித்ததுபோல் ஆனது. 12க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கையெழுத்தில் கண்ணுக்குப் படும் வேறுபாடு பெரும்பாலும் வடிவத்தில்தான் இருக்கிறது, உயரத்தில் இல்லை.

இங்கே ஒரு கேள்வி வந்தது: ‘ம்’ வரைவதற்கு ‘ம’வின் மேல் ஒரு புள்ளி வைத்தால் போதாதா? எழுத்துரு செய்பவர்கள் வழக்கமாக அப்படித்தான் செய்கிறார்கள், வேலை பாதியாகக் குறையும். அம்மம்மா என்ற சொல்லை வைத்தே யோசித்தேன். மகர உடல்கள் மூன்றுதான் இருந்தால், நான்கு மகரம் உள்ள சொல்லில் குறைந்தது இரண்டு ஒரே உடலோடு வந்தே தீரும். அதனால் இரட்டித்து வரும் வல்லின, மெல்லின எழுத்துகளுக்கெல்லாம் ஒற்றைத் தனியாக வெட்டி எடுத்தேன். அப்படி வெட்டும்போதுதான் அம்மம்மா ஒற்றெழுத்தைச் சற்றுச் சிறிதாக எழுதுகிறார் என்பதும் தெரிந்தது. புள்ளியும் நேர் மேலே இல்லை, வலப்பக்கம் தள்ளி ஒரு சின்னக் கீற்று.

வடிவங்கள் வந்தபின் அவற்றை இயக்கும் விதிகள். எல்லாம் ஒரே .fea கோப்பில் எழுதி, இந்தக் கட்டளையால் எழுத்துருவில் சேர்த்தேன்:

```
fonttools feaLib -o ammamma.ttf vithi.fea verum.ttf
```

திரையில் பார்த்து முடிவெடுக்காமல் ஒவ்வொரு தடவையும் ஹார்ஃப்பஸின் கட்டளையால் சோதித்தேன். லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எல்லாம் எழுத்தை அடுக்குவதற்கு ஹார்ஃப்பஸைத்தான் பயன்படுத்துகின்றன. எந்த வடிவம் எந்த இடத்தில் விழுந்தது என்று அது பெயரோடு சொல்லும்:

```
hb-shape --no-positions --no-clusters ammamma.ttf "அம்மம்மா"
```

தொடக்கத்திலேயே ஒரு பெரிய குழப்பம். ‘தேக்கரண்டி’ என்று கொடுத்தால் ஏகாரக் கொம்பு தகரத்துக்கு வலப்பக்கம் வந்து நின்றது. வடிவங்களில் பிழை தேடினேன், அங்கே ஒன்றும் இல்லை. காரணம் கோப்பின் தலையில் இருந்தது. மொழி அறிவிப்பில் DFLT மட்டும் போட்டிருந்தால், தமிழுக்கென்று எழுத்துருவில் எதுவும் இல்லை என்று ஹார்ஃப்பஸ் எடுத்துக்கொண்டு, கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையையே செய்யாமல் விட்டுவிடுகிறது. இந்த மூன்று வரியும் வேண்டும்:

```
languagesystem DFLT dflt;
languagesystem taml dflt;
languagesystem tml2 dflt;
```

அடுத்தது புள்ளி. ‘ப’வும் புள்ளியும் சேர்ந்து ‘ப்’ என்ற ஒரே வடிவமாக மாறும் விதியை half என்ற அம்சத்தில், அதாவது விதிகளுக்கான பெயரிட்ட பிரிவில், எழுதினேன். உப்பு சரியாக வந்தது. மஞ்சள் என்ற சொல்லில் ‘ஞ்’ சரியாக வந்தது, ‘ள்’ மட்டும் எழுத்தும் புள்ளியுமாக இரண்டு துண்டாக நின்றது. சொல்லின் நடுவே, பின்னால் இன்னொரு மெய் வரும்போதுதான் half செயல்படும். சொல்லின் இறுதியில் நிற்கும் ஒற்றுக்கு haln என்ற அம்சம். ஒரே விதித்தொகுதியை இரண்டு அம்சங்களிலும் அழைத்ததும் இது தீர்ந்தது. இதைச் சரிசெய்யாமல் மேலே போகமுடியாது. ஏனென்றால் அடுத்து வரும் சுழற்சி, வடிவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. எங்கோ ஒரு புள்ளி தனியாக நின்றால் கணக்கு அங்கே அறுந்துவிடும்.

இனி முக்கியமான வேலை. calt என்ற அம்சம் சூழலைப் பார்த்து மாற்றுவடிவம் போடுவது. முன்னால் என்ன வடிவம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப இந்த இடத்தில் வேறொன்றைப் போடும். தட்டச்சான எல்லா எழுத்தும் முதலில் 0 வகையாகவே வரும். எனக்கு வேண்டியது 0, 1, 2, மறுபடி 0, 1, 2 என்று சுற்றிக்கொண்டே போவது. @A0 என்ற தொகுதியில் எல்லா எழுத்துகளின் 0 வகை, @A1, @A2 தொகுதிகளில் அதே வரிசையில் மற்ற இரண்டு வகைகள்.

நான் முதலில் எழுதியது இரண்டு தனித்தனி விதித்தொகுதி. ஒன்று, 0 வகைக்குப் பின்னால் வரும் 0 வகையை 1 ஆக்குவது. மற்றது, 1 வகைக்குப் பின்னால் வரும் 0 வகையை 2 ஆக்குவது. படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். வந்த விடை இது, பெயரின் முடிவில் .1, .2 இல்லாதது 0 வகை:

```
[uni0B85|uni0BAE0BCD.1|uni0BAE.2|uni0BAE0BCD.1|uni0BAE.2|uni0BBE.1]
```

‘ம்ம’ என்ற சோடி அச்சு அசலாக இரண்டு தடவை விழுந்திருக்கிறது. எதைத் தவிர்க்க இந்த வேலையைத் தொடங்கினேனோ, அதுவே வந்து நிற்கிறது. ஏன் என்று பார்க்க, கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு விதித்தொகுதி சொல் முழுவதையும் இடமிருந்து வலமாக முடித்த பிறகுதான் அடுத்த தொகுதி தொடங்குகிறது. முதல் தொகுதி ஓடி முடிந்ததும் வரிசை 0 1 0 1 0 1. இரண்டாவது தொகுதி அதை எடுத்து, 1க்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு 0வையும் 2 ஆக்குகிறது. விளைவு 0 1 2 1 2 1. முதல் எழுத்தைத் தவிர வேறு எங்கும் 0 வகை எட்டிப் பார்க்காது.

இரண்டு விதிகளையும் ஒரே தொகுதிக்குள் வைத்தால் கதை மாறிவிடும்:

```
lookup suzhal {
  sub @A0 @A0' by @A1;
  sub @A1 @A0' by @A2;
} suzhal;
```

ஒரே தொகுதிக்குள் இருக்கும்போது, ஓர் இடத்தில் செய்த மாற்றம் அடுத்த இடத்துக்குப் போகும்போது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. இரண்டாவது எழுத்து 1 ஆகிவிட்டது என்பது மூன்றாவது எழுத்துக்குத் தெரியும், அதனால் அது 2 ஆகிறது. நான்காவது எழுத்து முன்னால் 2ஐப் பார்க்கிறது. அதற்கு விதியே இல்லை, எனவே 0 ஆகவே நிற்கிறது. சுற்று மறுபடி தொடங்குகிறது:

```
[uni0B85|uni0BAE0BCD.1|uni0BAE.2|uni0BAE0BCD|uni0BAE.1|uni0BBE.2]
```

இரண்டு ‘ம்’ வேறு, இரண்டு ‘ம’ வேறு. ஒற்றுகளைத் தனியாக வெட்டி எடுத்ததால் நான்கும் நான்கு உடல். இதை அச்சடித்து அம்மம்மாவிடம் காட்டியபோது, “இது நான் எப்ப எழுதினது?” என்று கேட்டார்.

ஒரு பக்கம் முழுக்க அச்சடித்ததும் அடுத்த குறை தெரிந்தது. பொருட்பட்டியலில் ‘தேக்கரண்டி’ என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே தேக்கரண்டி. ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் வேறுபட்டன. சொல் முழுமையாகத் திரும்ப வந்தபோது வேறுபடவில்லை. இடைவெளி என் தொகுதிகளில் இல்லை என்பதே காரணம். ஒவ்வோர் இடைவெளியிலும் சுற்று அறுந்து, அடுத்த சொல் 0இலிருந்து தொடங்குகிறது. ஆகவே எந்தச் சொல்லும் எப்போதும் அதே வடிவங்களோடுதான் வரும்.

இடைவெளிக்கும் மூன்று பிரதி செய்து தொகுதிக்குள் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் சொற்களை வரியின் இரு ஓரத்துக்கும் இழுத்து நிரப்பும்போது, இடைவெளியின் வடிவம் மாறியிருந்தால் எல்லாச் செயலிகளும் அதை இடைவெளியாகவே நடத்துமா என்ற கவலை வந்தது. இடைவெளியைத் தொடாமல், அதைத் தாண்டிப் பார்க்கும் இரண்டு விதிகளை அதே விதித்தொகுதிக்குள் சேர்த்தேன்:

```
  sub @A0 space @A0' by @A1;
  sub @A1 space @A0' by @A2;
```

இப்போது சுற்று சொல்லைத் தாண்டித் தொடர்கிறது. மூன்று வரியை எடுத்துப் பார்க்கலாம். ‘உப்பு 1 தேக்கரண்டி’: உ 0, ப் 1, பு 2, இலக்கம் 0, எனவே தேக்கரண்டியின் கொம்பு 1இல் தொடங்கும். ‘மஞ்சள் 1 தேக்கரண்டி’: நான்கு வடிவம் 0, 1, 2, 0, இலக்கம் 1, கொம்பு 2. ‘சீனி 2 தேக்கரண்டி’: இரண்டு வடிவம் 0, 1, இலக்கம் 2, கொம்பு 0. மூன்று தேக்கரண்டியும் மூன்று விதம். இலக்கங்களையும் காற்புள்ளியையும் தொகுதியில் சேர்க்காமல் விட்டால் இது நடக்காது. அவற்றுக்கு வேறு வகைகள் வரையத் தோன்றாவிட்டாலும், சுற்றைக் கடத்துவதற்காகப் பிரதிகளாவது வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. ‘மிளகு 1 தேக்கரண்டி’ என்றால் மிளகும் மூன்று வடிவம், உப்பும் மூன்று வடிவம். இரண்டு வரியிலும் தேக்கரண்டி அதே மாதிரி விழும். புதிய பத்தி தொடங்கியதும் முந்தைய வரியில் என்ன இருந்தது என்பதை எழுத்துருவால் பார்க்கவே முடியாது. மிளகும் மிளகாய்த்தூளும் அடுத்தடுத்த வரியில் வந்தால், தொடக்கத்து ‘மிள’ ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே மாதிரி நிற்கும். இதற்கு முழுத் தீர்வு எழுத்துருவுக்குள் இல்லை. ஒரு வரியை நானே கையால் தள்ளிவிடுவதற்கு ஒரு திருகு மட்டும் வைத்தேன்:

```
feature ss01 {
  sub [@A0 @A1 @A2] by [@A1 @A2 @A0];
} ss01;
```

சுழற்சி முடிந்தபின் இது எல்லா எழுத்தையும் ஒருபடி நகர்த்துகிறது. அதனால் கோப்பில் calt பகுதிக்குக் கீழேதான் இதை எழுத வேண்டும். லிப்ரே ஆபிஸில் அந்த வரியைத் தேர்ந்து, எழுத்துருப் பெயரின் பின்னால் `:ss01` என்று சேர்த்தால் வரி முழுவதும் வேறு முகம் காட்டும். ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்து இதைச் செய்யக்கூடாது. எழுத்தமைப்பு மாறும் இடத்தில் வரி துண்டாகி, சுற்று அங்கே அறுந்துவிடும். ஒரு சொல்லுக்குத் தடித்த எழுத்தோ வேறு எழுத்துருவோ கொடுத்தாலும் இதேதான் நடக்கும்.

சேர்த்தெழுதும் வடிவங்களைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் படித்தவர், 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு எவ்வளவோ முன்பே. அவர் எழுதும் ‘லை’யில் இணைக்கொம்பு தனியாக நிற்பதில்லை, லகரத்தின் தலையில் துதிக்கைபோல் வளைந்து ஒட்டியிருக்கும். கறிவேப்பிலை இல்லாத குறிப்பு இல்லை. ஆகவே அந்த ‘லை’ இல்லாமல் அது அவருடைய கையெழுத்தே ஆகாது. அதோடு ‘துண்டுகள்’, ‘வெங்காயங்கள்’ என்று எழுதும்போது ககரத்தின் வாலை நீட்டி ‘ள்’ளோடு இணைத்துவிடுவார்.

லத்தீன் எழுத்துருக்களில் இப்படிப்பட்ட சேர்க்கைகளுக்கு liga என்ற அம்சம். நானும் அதிலேயே எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை, கோப்பு சரியாகத் தொகுக்கப்படுகிறது, திரையில் மட்டும் பழைய ‘லை’ வருவதில்லை. ஹார்ஃப்பஸ் இந்திய எழுத்துகளைக் கையாளும்போது liga அம்சத்தைத் தானாகவே அணைத்துவைக்கிறது. பயனர் கேட்டு இயக்கினால்தான் செயல்படும். தமிழுக்கான சேர்க்கைகளை pres, abvs, blws, psts போன்ற அம்சங்களில்தான் எழுத வேண்டும்.

```
feature pres {
  sub uni0BC8 uni0BB2 by uni0BB20BC8;
} pres;
```

விதியில் இணைக்கொம்பு முன்னால், லகரம் பின்னால் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நாம் தட்டுவது ல, பிறகு ை. ஆனால் இந்த விதி ஓடும் நேரத்தில் கொம்பு ஏற்கெனவே இடப்பக்கம் நகர்ந்திருக்கும். தட்டச்சு வரிசையில் எழுதிய விதி பொருந்தாது.

‘கள்’ வேறு காரணத்தால் மறுத்தது. அதையும் psts அம்சத்தில் போட்டேன், எதுவும் மாறவில்லை. ஹார்ஃப்பஸின் கணக்கில் ‘லை’ ஒரே அசை. ‘கள்’ளில் க ஓர் அசை, ள் இன்னோர் அசை. இந்த அம்சங்கள் ஒவ்வோர் அசைக்குள்ளும் மட்டுமே பார்க்கின்றன, எல்லையைத் தாண்டுவதில்லை. தாண்டிப் பார்ப்பது calt. அதனால் ‘கள்’ சேர்க்கையை calt அம்சத்தின் தலையில், சுழற்சிக்கு முன்னால் வைத்தேன். சுழற்சிக்குப் பின்னால் வைத்தால் அதற்குள் க, ள் இரண்டில் ஒன்றாவது 1 வகையாகவோ 2 வகையாகவோ மாறியிருக்கும். 0 வகைக்கு எழுதிய விதி பொருந்தாது. சேர்ந்து வந்த ‘கள்’, ‘லை’ வடிவங்களுக்கும் மூன்று வகை வரைந்து தொகுதியில் சேர்த்தேன். இல்லாவிட்டால் அவற்றுக்குப் பின்னால் வரும் எழுத்து சுற்றை இழந்துவிடும்.

அச்சுக்கு வந்தபோது அந்த விகிதக் கணக்கு உதவியது. 14 புள்ளி அளவில் அடித்தால் கோடு கால் மில்லிமீட்டர். ஊசிமுனைப் பேனையால் எழுதியதுபோல் மெலிந்து, அம்மம்மாவின் கையாகத் தெரியவில்லை. உண்மை அளவு வேண்டுமென்றால் 28 புள்ளி, அது பக்கத்தை விழுங்கிவிடும். 20 புள்ளியில் கோடு 0.35 மில்லிமீட்டர் வருகிறது, அதிலேயே நின்றேன். கறுப்பு மைக்குப் பதில் கடும் நீலம் கொடுத்ததும் நல்ல வேறுபாடு தெரிந்தது. சோதனைப் பக்கங்கள் ஒவ்வொன்றும் 20 ரூபாய். மென்பொருள் எல்லாம் இலவசம்.

அச்சகத்துக்கு முதலில் ஆவணக் கோப்பையும் எழுத்துருவையும் கொடுத்திருந்தேன். அங்கே வேர்டில் திறந்து ஒரு பக்கம் அடித்துக் காட்டினார்கள். சுழற்சியே இல்லை, எல்லா மகரமும் ஒன்று. வேர்டில் எழுத்துரு அமைப்பின் மேம்பட்ட பக்கத்தில் சூழல் மாற்றுவடிவங்களுக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அது தொடக்கத்தில் தேர்ந்திருக்காது. அதை இயக்கிப் பார்ப்பதைவிட, லிப்ரே ஆபிஸிலிருந்து பிடிஎஃப் எடுத்து, எழுத்துரு அதற்குள் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது உறுதியானது. பிடிஎஃப்பில் வடிவங்கள் இடத்தில் நிலைத்துவிடுகின்றன, யார் எதில் திறந்தாலும் மாறாது.

அடுத்த தடவை செய்தால் மூன்று இடத்தில் வேறு வழியில் போவேன். ஒவ்வொரு வகைக்குமான சொற்களையும் ஒரே அமர்வில் எழுதவைக்காமல், காலையில் பாதி, மாலையில் பாதி என்று வாங்குவேன். மாலையில் எழுதியவற்றில் சாய்வு கூடுதலாக இருந்தது, அந்த வேறுபாடு மூன்று வகைகளுக்கும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். இப்போது 2 வகை முழுக்க மாலை எழுத்தாகப் போய்விட்டதால், கூர்ந்து பார்த்தால் மூன்று எழுத்துக்கு ஒருமுறை சாய்வது தெரிகிறது. இரண்டாவது, காலுக்கும் கொம்புகளுக்கும் நான்கைந்து வகை வரைவேன். உயிர்மெய்களைவிட அவைதான் அதிகம் திரும்ப வருகின்றன, அதிலும் ‘ா’ ஒரே நேர்கோடாக நின்றால் கண்ணில் குத்துகிறது. அவற்றைப் பொதுச் சுற்றிலிருந்து பிரிக்காமல், சுழற்சி முடிந்தபின் இன்னொரு விதித்தொகுதியால், முன்னால் நிற்கும் எழுத்தின் வலப்பக்க முடிவைப் பார்த்து மாற்றலாம்: வால் நீளும் எழுத்துக்குப் பின்னால் ஒரு கால், உருண்டு முடியும் எழுத்துக்குப் பின்னால் வேறு கால்.

மூன்றாவது ‘ணை’, ‘னை’, ‘ளை’, ‘ணா’, ‘றா’, ‘னா’. பழைய முறையில் இவையும் சேர்ந்தே எழுதப்படுபவை. சமையல் குறிப்பில் குறைவாக வருவதால் விட்டிருந்தேன். ‘பூசணிக்காயை அரிந்து எண்ணெயில்’ என்று போகும்வரை பிரச்சினை இல்லை, ‘இறால் குழம்பு’ வந்ததும் ‘றா’ புது முறையில் தனிக் காலோடு நின்றது. அதற்கான மாதிரியை அம்மம்மாவிடம் எழுதி வாங்கி ஸ்கான் செய்துவிட்டேன். கால் பின்னால் வருவதால் அதன் விதி psts அம்சத்தில் போகும். வரிசை தட்டச்சு வரிசையேதான்.